வார்டில் எல்லா ஸ்கோரும் பூஜ்யமாக வந்தால் எதை மாற்றுவது?

வாசகி கேட்டது: மேடம், நான் திருநெல்வேலி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லீடர்ஷிப் அசைன்மென்ட்டுக்காக, ஒரு மாற்ற மேலாண்மை மாடலை வைத்து வார்டில் புதிதாக ஒரு நடைமுறையைக் கொண்டுவர வேண்டும். தனியார் மருத்துவமனையின் ஆண்கள் மெடிக்கல் வார்டில், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் வென்ஃப்ளான் போட்ட இடத்தைப் பார்த்து விஐபி ஸ்கோர் எழுதுவதை எடுத்துக்கொண்டேன். காட்டரின் எட்டுப் படிகளின்படி வகுப்பு எடுத்தேன், போஸ்டர் ஒட்டினேன், தனி ஃபார்ம் அடித்துக் கொடுத்தேன். முதல் வாரம் எழுதினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து எல்லாமே பூஜ்யம். ஒருநாள் நானே 22 பேரின் கையைப் பார்த்தேன். 5 பேருக்கு 2 அல்லது அதற்கு மேல் இருந்தது. சீனியர் அக்காமார் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்கள். இன்சார்ஜ் சிஸ்டரோ, “மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தத்தானே செய்றோம், இது வேற எதுக்கு?” என்கிறார். கைடு, “தியரி இருக்கு, வார்டைக் காணோம்” என்று அசைன்மென்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மாடலை மாற்றவா? நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் சொல்லி ஆர்டர் போடவைக்கவா? தோற்றுவிட்டது என்று எழுதினால் மார்க் போய்விடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, அசைன்மென்ட்டைப் பிறகு பார்ப்போம். அந்த 5 பேரின் கைக்கு என்ன ஆனது? அன்றைக்கே டியூட்டி சிஸ்டரிடம் சொல்லி, கேனுலா எடுக்கப்பட்டதா? கடிதத்தில் அது இல்லை. இனிமேல் கணக்கெடுக்கும்போது 2 என்று கண்ணில் பட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள், நர்ஸஸ் நோட்டில் எழுதப்படுவதையும் பாருங்கள். சொல்லிவிட்டால் கணக்கு கெட்டுவிடுமோ என்று தயங்க வேண்டாம். அந்த வார்டில் நீங்கள் மாணவி, கூடவே பதிவு பெற்ற செவிலியர். கண்ணால் பார்த்த வீக்கத்தைத் தாளில் மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட நமக்கு உரிமை இல்லை.

மற்ற வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். வென்ஃப்ளான், கேனுலா இரண்டும் ஒன்றுதான், ஊசி மருந்து ஏற்றக் கையில் போட்டுவைக்கும் மெல்லிய குழாய். அதைச் செருகிய நரம்பு வீங்கிப் புண்ணாவதைக் கண்ணால் பார்த்தே தரம் பிரிக்கும் அளவுகோல்தான் விஐபி ஸ்கோர். இங்கிலாந்தில் ரோதர்ஹாம் மருத்துவமனையில் பணிபுரிந்த ஆண்ட்ரூ ஜாக்சன் 1998-ல் வெளியிட்டது. இடம் நன்றாக இருந்தால் 0. லேசான வலி, லேசான சிவப்பு இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் 1, அப்போது கவனித்துக்கொண்டிருந்தால் போதும். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தால் 2. அழற்சி தொடங்கிவிட்டது, கேனுலாவை எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும். அதற்கு மேல் போகப் போக நரம்பு கயிறுபோலத் திரளும், 5-க்கு வரும்போது காய்ச்சலும் சேரும். முக்கியமான எல்லை 2. அந்த எண்ணை எழுதியவுடன் ஒரு வேலை நடந்தாக வேண்டும். உங்கள் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பூஜ்யத்துக்குப் பின்னால்

சீனியர்கள் ஒத்துழைக்கவில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டீர்கள். அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வேலை செய்ய மனமில்லாதவர்கள் முதல் வாரமும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க முதல் வாரத்து ஃபார்ம்களே போதும். அவற்றை எடுத்து 2 என்று எழுதப்பட்ட இடங்களைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த நோயாளியின் நர்ஸஸ் நோட்டைப் புரட்டி, ஸ்கோர் எழுதிய நேரத்தையும் புது கேனுலா போட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நான் பார்த்த வார்டுகளை வைத்துச் சொல்கிறேன், அந்த இடைவெளி உங்களைத் திடுக்கிட வைக்கலாம்.

இரவு டியூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு ஒரு சிஸ்டர் 2 என்று எழுதுகிறார். கேனுலாவை எடுக்க டாக்டர் சொல்ல வேண்டுமா, தானே எடுக்கலாமா என்று அந்த வார்டில் யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. எடுத்துவிட்டால் புதிதாகப் போட கேனுலா வேண்டும். வார்டில் இருப்பு இல்லை, சீட்டு எழுதிக் கொடுத்துக் கீழே பார்மசியில் வாங்கி வரச் சொல்ல வேண்டும். ராதாபுரத்திலிருந்து மகனோடு வந்து தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் வயதான அம்மாதான் துணை. அவரை எழுப்பி, சீட்டையும் கொடுத்து, “மறுபடி காசா?” என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். சிஸ்டர் காலை வரை பொறுத்திருக்கிறார். விடிந்ததும் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கையைப் பார்க்கிறார், ஃபார்மைப் பார்க்கிறார். “பத்து மணிக்கே 2-னு எழுதிட்டு எட்டு மணி வரைக்கும் என்ன பண்ணுனீங்க?” என்று கேட்கிறார்.

அன்றிலிருந்து அந்த சிஸ்டர் 0 எழுதுவார். பக்கத்து டியூட்டியில் இருந்தவரும் எழுதுவார். 2 என்று எழுதி ஒன்றும் செய்ய முடியாமல் போனால் அது தன் கையால் தனக்கு எதிராக எழுதிவைத்த சாட்சி ஆகிவிடும். 0 எழுதினால் கேள்வியே இல்லை. உங்கள் வார்டில் நடந்தது அப்படியே இதுதான் என்று நான் சொல்லவில்லை, போய்ப் பாருங்கள் என்கிறேன். ஆனால் எல்லோரும் ஒன்றுபோலப் பூஜ்யம் எழுதுகிறார்கள் என்றால், காரணம் ஒருவருடைய குணத்தில் இருக்க வாய்ப்புக் குறைவு. வேலை நடக்கும் விதத்தில் இருக்கும்.

இன்னும் இரண்டு தடைகளையும் தேடிப் பாருங்கள். உங்கள் தனி ஃபார்ம் எங்கே இருக்கிறது? நர்சிங் ஸ்டேஷனில் ஒரு ஃபைலில் என்றால், கையைப் பார்ப்பது ஓரிடம், எழுதுவது வேறிடம். ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து இருபத்திரண்டு பேருக்கும் மொத்தமாக எழுதத்தான் தோன்றும். அடுத்தது, கேனுலா செருகிய இடமே கண்ணுக்குத் தெரிகிறதா? வெள்ளை பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி மூடியிருந்தால் சிவப்பு எங்கே தெரியும்? அப்போது பிளாஸ்டருக்கு மேலேயே விரலால் மெல்ல அழுத்தி வலியும் சூடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலியோ சூடோ இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த போஸ்டரிலும் இதை நான் பார்த்ததில்லை. நம் ஊர் ஆண்களின் வெயிலில் கறுத்த கையில் லேசான சிவப்பு தெரியவே தெரியாது. சிவப்பைத் தேடினால் 0 என்றுதான் வரும். மறு கையோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பாருங்கள், சூடும் தடிப்பும் விரலுக்குத் தெரியும். நோயாளியிடம் “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டால் பாதிப் பேர் “இல்ல சிஸ்டர்” என்று சொல்லிவிடுவார்கள். “காந்துதா? கடுக்குதா? மருந்து ஏறும்போது சுருக்குங்குதா?” என்று கேளுங்கள்.

காட்டரா, லெவினா?

மாடலை மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில், மாற்றுங்கள் என்பதுதான். காட்டர் தவறானவர் என்பதற்காக அல்ல. ஜான் காட்டர் 1995-ல் எழுதிய கட்டுரையும் மறு ஆண்டு வந்த புத்தகமும் பெரிய நிறுவனங்கள் ஏன் மாற்றத்தில் தடுக்கி விழுகின்றன என்பதைப் பார்த்து எழுதியவை. அவசர உணர்வை உண்டாக்கு, வழிநடத்தும் அணியைச் சேர் என்று அவர் தொடங்குவது, அதிகாரம் கையில் இருப்பவருக்கு. மூன்று வாரத்தில் போஸ்டிங் முடிந்து கிளம்பப்போகும் மாணவிக்கு அந்த எட்டுப் படியில் பாதி எட்டாது. எட்டாத படிகளை நிரப்பத்தான் உங்கள் அசைன்மென்ட்டில் தியரி பெருகியிருக்கும், கைடு அதைத்தான் பிடித்திருக்கிறார்.

உங்களுக்குப் பொருந்துவது கர்ட் லெவினின் விசைப்புல ஆய்வும் அதைத் தொடரும் மூன்று கட்டங்களும்: இறுக்கம் தளர்த்தல், நகர்தல், மீண்டும் உறையவைத்தல். படிக்கும்போது எல்லோரும் மூன்று கட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டு விசைப்புலத்தை ஒரு படமாக வரைந்து தாண்டிவிடுகிறார்கள். உயிர் இருப்பது அதில்தான். இன்றைய நிலை என்பது இரண்டு பக்கமும் தள்ளும் விசைகள் சமமாக நிற்பதால் அசையாமல் இருக்கும் நிலை. அதை நகர்த்த இரண்டு வழி உண்டு. தள்ளும் விசையைக் கூட்டலாம், தடுக்கும் விசையைக் குறைக்கலாம். தள்ளுவதைக் கூட்டினால் நகரும், ஆனால் உள்ளே இறுக்கமும் கூடும். தடையைக் குறைத்தால் இறுக்கம் ஏறாமலே நகரும். லெவின் இரண்டாவது வழியைத்தான் விரும்பினார்.

நீங்கள் இதுவரை செய்த மூன்றும், அதாவது வகுப்பு, போஸ்டர், ஃபார்ம், முதல் வகையைச் சேர்ந்தவை. ஃபார்ம் தடையாகவும் ஆகிவிட்டது. ஒரு தடையைக்கூட இன்னும் நீங்கள் தொடவில்லை. இந்த ஒரு வாக்கியம் உங்கள் அசைன்மென்ட்டில் இருந்தாலே வார்டு உள்ளே வந்துவிடும்.

வகுப்பு எடுத்தால் இறுக்கம் தளர்ந்துவிடும் என்ற எண்ணமும் உங்களிடம் இருக்கிறது. லெவினே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. வீட்டில் யாரும் சீந்தாத இதயம், சிறுநீரகம் போன்ற பாகங்களைச் சமைக்கும்படி அயோவாவில் இல்லத்தரசிகளை இணங்கவைக்க வேண்டியிருந்தது. சில குழுக்களுக்கு நல்ல விரிவுரை கொடுத்தார்கள், சத்து, விலை, செய்முறை எல்லாம் சேர்த்து. மற்ற குழுக்களைத் தங்களுக்குள் பேசவிட்டு, என்ன தடுக்கிறது என்று சொல்லவைத்து, கடைசியில் செய்வதா இல்லையா என்று அவர்களையே முடிவெடுக்கச் சொன்னார்கள். பிறகு விசாரித்தபோது, விரிவுரை கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் அந்தப் பாகங்களில் ஒன்றைப் புதிதாகச் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்த குழுக்களில் 32 சதவீதம். சிறிய சோதனைதான், குறைகளும் உண்டு. ஆனாலும் உங்கள் வார்டுக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

வைவாவில் லெவினின் மாடலுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். 1947-ல் அவர் இறந்த பிறகு வெளியான கட்டுரையில் இந்த மூன்று கட்டம் ஒரு சிறு பகுதிதான். பாடப்புத்தகங்களில் நாம் பார்க்கும் விரிவான மாடல் பின்னால் வந்தவர்கள் வளர்த்தது. உறையவைத்தல் என்பதும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் வார்டில் லேசில் நடக்காது. இவ்வளவு சொன்னால் போதும்.

ஆர்டர் கேட்கலாமா?

நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் போங்கள். ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “எல்லோரும் கட்டாயம் ஸ்கோர் எழுத வேண்டும்” என்று சுற்றறிக்கை வந்தால் மறுநாளிலிருந்து ஃபார்ம் முழுவதும் நிரம்பியிருக்கும், அழகான கையெழுத்தில், பூஜ்யங்களாக. இன்சார்ஜ் சிஸ்டரைத் தாண்டிப் போனவள் என்ற பெயரும் உங்களுக்கு வரும். பிறகு அந்த வார்டில் யாரும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஸ்கோர் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் டியூட்டி செவிலியர் டாக்டரின் உத்தரவுக்குக் காத்திராமல் கேனுலாவை எடுக்கலாம் என்று மெடிசின் துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்க நிலையாணை. நரம்பு கிடைக்காதவர், உயிர்காக்கும் மருந்து ஓடிக்கொண்டிருப்பவர் போன்றவர்களுக்கு முதலில் டாக்டரை அழைக்க வேண்டும் என்ற விலக்கும் அதில் இருக்கட்டும். இரண்டு, இரவுக்கென்று வார்டில் சில கேனுலாக்கள் இருப்பு. பிங்க், நீலம் இரண்டும் கொஞ்சம் இருந்தால் ஆண்கள் மெடிக்கல் வார்டுக்குப் பெரும்பாலும் போதும். எடுத்ததைக் காலையில் நோயாளி கணக்கில் எழுதி பார்மசியிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம். இவை இரண்டும் செவிலியரைக் கட்டாயப்படுத்தாமல் அவர் கையைக் கட்டியிருப்பதை அவிழ்க்கும்.

போகும்போது இன்சார்ஜ் சிஸ்டரோடு போங்கள். அவரே கேட்பதாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுவதைப் பற்றி அவர் சொன்னதற்கு நீங்கள் வாதாட வேண்டாம். தகவல் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: 2011-ல் வந்த அமெரிக்க சிடிசி வழிகாட்டி, பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்துக்கு முன்னால் வழக்கமாக மாற்றத் தேவையில்லை என்றுதான் சொல்கிறது. 2012-ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மாற்றியவர்களிலும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் நரம்பு அழற்சி ஒரே அளவு, 7 சதவீதம். நாள் கணக்கு மட்டும் காப்பாற்றாது என்பதுதான் பொருள். பொட்டாசியம் குளோரைடோ வான்கோமைசினோ ஏறும் கை இரண்டாம் நாளே கனன்றுவிடும். ஆனால் வார்டின் மூன்று நாள் வழக்கத்தையும் சேர்த்து மாற்றப் போனால் இரண்டு சண்டை ஆகிவிடும். “மூணு நாள் வழக்கம் அப்படியே இருக்கட்டும் சிஸ்டர், அதுக்கு நடுவுல கெட்டுப்போற கையைப் பிடிக்கத்தான் இது” என்று சொன்னால் போதும்.

மூன்று வாரத்தில் முடிவது

முதல் வாரம் எதையும் எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் ஃபார்மை எடுத்துவிட்டேன் என்று நீங்களே சொல்லுங்கள், அதிலேயே பாதி இறுக்கம் தளரும். காலை, மாலை இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் சேர்ந்திருக்கும் ஓவர் எடுக்கும் நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர் நடத்தட்டும். கேள்வி ஒன்றுதான்: “2-னு எழுதினா அதுக்கப்புறம் என்ன நடக்குது?” பதில் வரும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். இரவு ஆட்களைத் தனியாகப் பாருங்கள், பெரும்பாலான தடை அங்கேதான் கிடைக்கும். கிடைத்த தடைகளை ஒரு தாளில் எழுதி, எது எவ்வளவு பலமானது என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். விசைப்புலப் படத்தில் அம்புக்கு நீளம் கொடுக்க மாணவர்கள் தாங்களாகவே எண் போட்டுக்கொள்கிறார்கள். அந்த எண்ணுக்கு மதிப்பு வருவது வேலை செய்பவர் போடும்போதுதான்.

இதே வாரத்தில் எழுதும் இடத்தையும் மாற்றுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆன்டிபயாடிக் போடும்போது செவிலியர் எப்படியும் அந்தக் கையைப் பிடித்து, சலைன் செலுத்தி அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த நேரத்தில் பார்த்து, டிரக் சார்ட்டில் மருந்துக்குக் கையெழுத்துப் போடும் கட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணை எழுதினால் சில நொடிதான் கூடும். தனியாகச் சுற்றி வந்தால் 22 பேருக்கு அரை மணி நேரம் ஆகும், இரண்டு பேர் இருக்கும் இரவில் அது நடக்காது. அப்படியானால் ஊசி மருந்தே இல்லாதவர்களின் கை விட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஊசி மருந்து இல்லை என்றால் கேனுலா எதற்கு இருக்கிறது? வாய்வழி மருந்துக்கு மாறி, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் கையில் ‘இருக்கட்டும்’ என்று விட்டுவைத்ததுதான் பல நேரம் முதலில் கெட்டுப்போகும். காலை ரவுண்ட்ஸில் “இவருக்கு வென்ஃப்ளான் வேணுமா டாக்டர்?” என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்தால் அது சரியாகும். எடுக்கும்போது குடும்பத்தாருக்கும் சொல்லுங்கள். கேனுலாவை எடுத்தால் வைத்தியம் நின்றுவிட்டது என்று நினைத்துப் பதறுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர்.

இரண்டாம் வாரம் வார்டு முழுவதும் வேண்டாம், ஒரு பக்கத்து வரிசை மட்டும். பத்துப் படுக்கை இருந்தால் போதும். எந்த வரிசை, எத்தனை நாள் என்பதை அந்தக் கூட்டமே முடிவு செய்யட்டும். நிலையாணையும் இருப்பும் வந்து சேராமல் தொடங்காதீர்கள். அவை வராவிட்டால் இந்தக் கட்டத்தைத் தள்ளிப்போட்டு, ஏன் தள்ளினேன் என்று எழுதுங்கள்.

கணக்கெடுப்பு இப்படி இருக்கட்டும். வாரத்தில் மூன்று நாள், செவிலியர் ஸ்கோர் எழுதிய அரை மணி நேரத்துக்குள், அவர் எழுதியதைப் பார்க்காமல், நீங்கள் ஐந்து கைகளைப் பார்த்து உங்கள் எண்ணை எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். சார்ட்டும் கண்ணும் எத்தனை கையில் ஒத்துப்போகின்றன என்பதுதான் உங்கள் முதல் அளவு. 2 எழுதியதிலிருந்து கேனுலா எடுக்கும்வரை ஆன நேரம் இரண்டாவது. இதனால் மறுபடி மறுபடி குத்தப்படுகிறார்களா என்பதையும் கூடவே பாருங்கள். ஒரு நல்லது செய்யப்போய் நோயாளிக்குக் கூடுதல் வலியைக் கொடுத்துவிடக் கூடாது.

இங்கே ஒன்றை முன்கூட்டியே கைடிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல்லிவைக்க வேண்டும். நடைமுறை வேலை செய்யத் தொடங்கினால் சார்ட்டில் 2-களின் எண்ணிக்கை முதலில் கூடும். கைகள் மோசமாகிவிட்டன என்று அர்த்தமில்லை, மறைந்திருந்தது வெளியே வருகிறது. இதைச் சொல்லிவைக்காவிட்டால் முதல் வாரத்து எண்ணைப் பார்த்து யாராவது திட்டத்தையே நிறுத்திவிடலாம். மாறாக, தொடர்ந்து எல்லாம் பூஜ்யமாகவே இருந்தால் ஏதோ ஒரு தடை இன்னும் அசையவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் வாரம் அதே பத்துப் படுக்கையிலேயே இருங்கள். வார்டு முழுவதும் பரப்பும் ஆசையை அடக்குங்கள். உறையவைத்தலை நீங்கள் முடிக்கப்போவதில்லை, அதற்கு வேண்டியதை ஏற்பாடு செய்துவிட்டுப் போகலாம். அடுத்து அச்சடிக்கும் டிரக் சார்ட்டில் அந்தக் கட்டம் இருக்க வேண்டும். ஓவர் கொடுக்கும்போது “பதினாலாம் பெட், இடது கை, ரெண்டாம் நாள், ஸ்கோர் 1” என்று சொல்லும் வழக்கம் வர வேண்டும். புதிதாகச் சேரும் செவிலியருக்கு யார் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். நீங்கள் போன பிறகு வாரம் ஒருமுறை ஐந்து கைகளைப் பார்ப்பவர் யார்? உங்களை முதலில் எதிர்த்த அந்த சீனியர் அக்காவையே கேட்டுப் பாருங்கள். தடை எங்கே இருக்கிறது என்று உங்களைவிட அவருக்குத் தெரியும்.

எழுதும்போது

தோற்றதாக எழுதினால் மார்க் போகுமா என்ற பயம் புரிகிறது. மதிப்பெண் உங்கள் கைடின் கையில். ஆனால் ‘வார்டைக் காணோம்’ என்று எழுதியவர் நடந்ததைத்தான் கேட்கிறார். முதல் முயற்சியை மறைக்காமல் அதையே இறுக்கம் தளர்த்தும் கட்டத்தின் சான்றாக வையுங்கள். ஒரு பத்தி இப்படி இருக்கலாம்: “முதல் இரண்டு வாரத்தில் நான் கையாண்ட மூன்று வழிகளும் உந்து விசைகளே. தனி ஃபார்ம் தடை விசையாகவும் ஆனது. முதல் வாரத்தில் எழுதப்பட்ட 2-களைப் பின்தொடர்ந்தபோது, கேனுலா மாற்றக் காலதாமதமானதும், அதற்கான அதிகாரமும் இருப்பும் வார்டில் இல்லாததும் தெரியவந்தது. எனவே இரண்டாம் முயற்சியில் உந்து விசை எதையும் கூட்டாமல் இந்த இரண்டு தடைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.” இதில் உங்கள் வார்டில் உண்மையில் கிடைத்ததை மட்டும் எழுதுங்கள். தடை வேறாக இருந்தால் வேறாகவே இருக்கட்டும்.

22-ல் 5 என்பதை 22-ல் 5 என்றே எழுதுங்கள். சதவீதமாக்கி, பிறகு பத்துப் பேரில் எடுத்த இன்னொரு சதவீதத்தோடு ஒப்பிட்டு ‘பாதியாகக் குறைந்தது’ என்று எழுதினால் தேர்வாளர் உடனே பிடிப்பார். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரே ஒருவரின் கை மாறினாலே சதவீதம் தாவிவிடும்.

யார் பூஜ்யம் எழுதினார்கள் என்பது உங்கள் தாளில் வரவே கூடாது. பெயர் மட்டுமல்ல, ‘இரவு ஷிஃப்ட்’ என்று எழுதினாலும் இரண்டே பேர் இருக்கும் இடத்தில் ஆள் தெரிந்துவிடும். இன்க்ரிமென்ட்டும் ஒப்பந்தப் புதுப்பிப்பும் நிர்வாகத்தின் கையில் இருக்கும் செவிலியருக்கு அது வேலைக்கே உலை வைக்கலாம். நோயாளியின் பெயர், ஐபி எண், கையின் போட்டோ எதுவும் வேண்டாம். மருத்துவமனையின் எழுத்துப்பூர்வ அனுமதி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அசைன்மென்ட்டோடு நிற்காமல் மாநாட்டில் படிக்கவோ கட்டுரையாக வெளியிடவோ எண்ணம் இருந்தால், கணக்கெடுக்கத் தொடங்கும் முன்பே கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள். முடித்துவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

இந்த வாரம் முதல் வேலையாக அந்த முதல் வாரத்து ஃபார்ம்களையும் நர்ஸஸ் நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கிடைக்கும் நேர இடைவெளிகளோடு கைடைப் போய்ப் பாருங்கள், மாடலை மாற்றுவதற்கான காரணத்தை அவரிடம் காட்ட அந்த ஒரு பக்கம் போதும்.